பரிந்துரைக் கடிதம்: கேட்கும் முறையும் கொடுக்க வேண்டியவையும்

(அறக்கட்டளை விழாவில், உயர்கல்வி பயிலும் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரை)



அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியலையும் ஆங்கிலத் தேர்வையும் படிப்பின் நோக்கத்தை விளக்கும் உரையையும் பல மாதங்கள் முன்னரே கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். பரிந்துரைக் கடிதங்களை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மூன்று கடிதங்கள் கேட்கின்றன. விண்ணப்பத்தின் பிற பகுதிகள் யாவும் மாணவரின் கையிலேயே இருக்கின்றன. இம்மூன்று மட்டும் பிறர் கையில் இருக்கின்றன. அந்தப் பிறரோ வகுப்பு, தேர்வு, விடைத்தாள் திருத்தம், துறைக் கூட்டம் என்று ஓய்வின்றி இருப்பவர்கள். ஆகவே, நேரமில்லாத பேராசிரியர் ஒருவரிடம் இக்கடிதத்தை எவ்வாறு கேட்பது, கடிதம் வலுவாக அமைய அவர் கையில் எவற்றைக் கொடுப்பது என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

முதலில், அக்கடிதத்தைப் படிப்பவர் யார் என்று அறிந்துகொள்ள வேண்டும். அங்கே துறைப் பேராசிரியர்கள் சிலர் கூடி ஒரு சேர்க்கைக் குழுவாக அமர்ந்து விண்ணப்பங்களைப் படிக்கின்றனர். நம் கல்லூரி ஒன்றில் எண்பது விழுக்காடு மதிப்பெண் என்பது அரிதா எளிதா என்பதை அவர்களால் சரியாக மதிப்பிட இயலாது. ஆய்வுக்கூடத்தில் தனியே விடப்பட்டால் இம்மாணவர் என்ன செய்வார், ஒரு சிக்கல் வந்தால் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதையே அவர்கள் அறிய விரும்புகின்றனர். அதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அருகிருந்து கண்ட ஆசிரியர்தாம் சொல்ல இயலும்.

ஆனால் நம் ஊர்களிலிருந்து செல்லும் கடிதங்களுள் பல பின்வருமாறு அமைகின்றன: “இம்மாணவி ஐந்தாம் பருவத்தில் என் பாடத்தைப் பயின்றார். வகுப்புக்குத் தவறாமல் வந்தார். நல்ல மதிப்பெண் பெற்றார். பணிவும் உழைப்பும் உடையவர். அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.” இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. இருப்பினும் இக்கடிதத்தால் பயன் ஏதும் இல்லை. “வகுப்பில் நன்றாகப் படித்தார்” வகைக் கடிதம் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலில் ஏற்கெனவே உள்ளதை இது மீண்டும் ஒருமுறை சொல்கிறது, அவ்வளவே.

இத்தகைய கடிதத்தை எழுதும் பேராசிரியர் மாணவர்மீது அன்பில்லாதவர் என்று கருதலாகாது. அவர் மறந்துவிட்டார். ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் வந்து போகும் இடத்தில், மூன்றாண்டுக்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல் நடந்தது நினைவில் தங்குவது அரிது. கடிதம் கேட்கும் மாணவரின் பணி பெரிதும் இந்த நினைவை மீட்டுத் தருவதிலேயே அடங்கியிருக்கிறது.

விளக்கத்துக்காக ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். அவர் செய்யாற்றுக்கு அருகில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி ஒன்றில் சிவில் பொறியியல் பயின்று சென்ற மே மாதம் முடித்தவர். இப்போது நீர்ப் பரிசோதனை செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். சுற்றுச்சூழல் பொறியியலில் மேற்படிப்புக்காக ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறார். அவற்றுள் ஒன்றின் கெடு டிசம்பர் 1; ஏனையவற்றின் கெடு டிசம்பர் 15.

யாரிடம் கேட்பது என்பதில்தான் வீட்டிலேயே முதல் கருத்து வேறுபாடு எழுகிறது. கல்லூரி முதல்வரிடம் கேட்க வேண்டும் என்பது தந்தையாரின் எண்ணம். முதல்வரின் கையொப்பத்துக்கு மதிப்பு அதிகம் என்று அவர் நம்புகிறார். உறவினர் ஒருவர் வழியாக முதல்வரை அணுகவும் வழி இருக்கிறது. ஆனால் முதல்வர் இம்மாணவிக்குப் பாடம் நடத்தியவரல்லர். அவர் எழுதினால் மேலே கண்ட வாழ்த்துக் கடிதமே வரும். சட்டமன்ற உறுப்பினர், வங்கி மேலாளர், குடும்பத்துக்கு வேண்டிய பெரியவர் ஆகியோரின் கடிதங்களும் இவ்வகையினவே. பதவியின் உயரத்தைப் படிப்பவர் பார்ப்பதில்லை. எழுதியவர் எதை நேரில் கண்டார் என்பதையே பார்க்கிறார். எனவே இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வழிகாட்டிய பேராசிரியர், நீரியல் பாடத்தையும் அதன் ஆய்வுக்கூட வகுப்பையும் நடத்திய ஆசிரியை, இப்போது பணிபுரியும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத் தலைவர் என்ற மூவரையும் மாணவி தேர்ந்துகொள்கிறார். இவர்களுள் வழிகாட்டியான பேராசிரியரின் கடிதமே முதன்மையானது. அதையே தொடர்ந்து காணலாம்.

எப்போது கேட்பது? குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் கேட்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லலாம். நம் கல்லூரிகளுக்கு இதனினும் கூடுதலான காலம் வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும் பருவத் தேர்வுகள் நடைபெறுகின்றன. தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் மையங்களுக்குப் பேராசிரியர்கள் சென்றுவிடுகின்றனர். அமெரிக்கக் கெடு நாள்களும் இதே காலத்தில் வந்து விழுகின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் வரும் மாணவருக்குப் பேராசிரியர் தரக்கூடியது பழைய கடிதம் ஒன்றில் பெயரை மாற்றிய படிதான். வேறொரு மாணவரின் பெயரோ, வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரோ நடுவில் விடுபட்டுக் கிடக்கும் கடிதங்கள் இவ்வாறே பிறக்கின்றன. நம் மாணவி செப்டம்பர் இறுதி வாரத்திலேயே கேட்கிறார்.

கேட்பதற்கு முன் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. விண்ணப்பத் தளத்தில் பரிந்துரைப்பவரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்தவுடனே, பல தளங்களிலிருந்து அவருக்குத் தானியங்கி மடல் ஒன்று சென்றுவிடுகிறது. இசைவு கேட்கப்படாத ஒருவருக்கு, முன்பின் அறியாத முகவரியிலிருந்து “இந்நாளுக்குள் கடிதத்தைப் பதிவேற்றுக” என்று கட்டளை போல ஒரு மடல் வந்தால் அவர் மனம் எவ்வாறு இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே முதலில் இசைவு, பிறகே பதிவு.

இசைவு கேட்கும் மடல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும், அதன் பொருள் பின்வருமாறு அமையலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். சென்ற மே மாதம் சிவில் பொறியியல் முடித்த மாணவி நான். கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றித் தங்கள் வழிகாட்டுதலில் திட்டப்பணி செய்த நால்வருள் ஒருத்தி. சுற்றுச்சூழல் பொறியியலில் மேற்படிப்புக்கு ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். முதல் கெடு டிசம்பர் 1. என் ஆய்வுக்கூடப் பணியைத் தாங்கள் நேரில் கண்டிருப்பதால், அதைப் பற்றி உறுதியான பரிந்துரைக் கடிதம் எழுதத் தங்களுக்கு இயலுமா என்று அறிய விழைகிறேன். வேலைப்பளுவினாலோ, என் பணி போதிய அளவு நினைவில் இல்லாமையாலோ இயலாதெனில் தயங்காமல் தெரிவிக்கலாம்; வேறு ஏற்பாடு செய்துகொள்ளக் காலம் இருக்கிறது. இசைவு கிடைத்தால் வேண்டிய குறிப்புகளை ஒரே கோப்பாக அனுப்புகிறேன். தாங்கள் குறிக்கும் நாளில் பதினைந்து நிமிடம் நேரில் வந்து காணவும் விரும்புகிறேன்.”

இம்மடலில் இரண்டு இடங்கள் கருதத்தக்கவை. “கடிதம் தர இயலுமா” என்று மட்டும் கேட்டால் நம் பேராசிரியர்கள் எவரும் இல்லை என்று சொல்வதில்லை. தம்மிடம் படித்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. “உறுதியான கடிதம் எழுத இயலுமா” என்று கேட்டால் அவர் சற்று நின்று எண்ணிப் பார்ப்பார். மறுப்பதற்கு ஒரு வாயிலைத் திறந்துவைத்திருப்பது இரண்டாவது. மரியாதையோடு விலகிக்கொள்ள அவருக்கு இடமளிப்பது மாணவிக்கே நன்மை. அரைமனத்தோடு எழுதப்பட்ட கடிதம், கடிதமே இல்லாமல் வேறொருவரை நாடுவதைவிடத் தீங்கானது. “எல்லாருக்கும் கொடுப்பதுதானே, வந்து வாங்கிக்கொள்” என்று விடை வந்தாலும், இரண்டு வாரமாகியும் விடையே வராவிட்டாலும், வேறொருவரை நாடலாம் என்பதற்கு அதுவே அறிகுறி.

நம் மாணவிக்கு மூன்று நாளில் விடை வருகிறது. “மகிழ்ச்சியம்மா. நேரம்தான் இல்லை. நீயே எழுதிக் கொண்டுவா, கையொப்பம் இட்டுத் தருகிறேன்.”

இந்த விடையைப் பெறாத மாணவர் நம்மிடையே அரியர். இதில் தவறேதும் இருப்பதாகப் பலர் கருதுவதும் இல்லை. பேராசிரியர் தம் பெருந்தன்மையினால் சொல்வதாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் இதை ஏற்றுக்கொள்வதில் இருவகைத் தீங்கு உண்டு. கடிதத்தை எழுதியவர் தாமே என்று பேராசிரியர் அங்கே உறுதி கூறுகிறார், அது உண்மையன்று. மூன்று கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால், ஒரே வகைத் தொடரும் ஒரே வகைப் புகழ்ச்சியும் மூன்றிலும் தலைகாட்டும். பல ஆண்டுகளாகக் கடிதங்களைப் படித்துப் பழகிய குழுவினர் அதைக் கண்டுகொள்ளத் தயங்குவதில்லை. ஐயம் எழுந்தால் விண்ணப்பம் முழுதுமே தள்ளப்படும். இடம் கிடைத்த பிறகு தெரியவந்தால் அந்த இடமும் பறிபோகலாம்.

மற்றொரு தீங்கு பலர் எண்ணிப் பாராதது. எவரும் கண்டுபிடிக்காவிட்டாலும், மாணவர் எழுதிய கடிதம் வலுவற்றதாகவே இருக்கும். இருபத்திரண்டு வயதுடைய ஒருவருக்குத் தம்மைப் பற்றித் தெரியும். தமக்கு முன் அந்த ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த இருபது ஆண்டு மாணவர்களைப் பற்றித் தெரியாது. “இதுவரை நான் வழிகாட்டிய குழுக்களில் இவ்வாறு செய்தவர் இருவரே” என்ற ஒரு வரியை அவர் எழுத இயலாது. சேர்க்கைக் குழு தேடுவதோ அந்த வரியைத்தான். கடிதத்தோடு நிரப்ப வேண்டிய படிவத்திலும், தாம் அறிந்த மாணவர்களுள் இவர் முதல் 5 விழுக்காட்டில் வருவாரா, முதல் 10 விழுக்காட்டிலா, முதல் 25 விழுக்காட்டிலா என்பது போன்ற வினாக்கள் பல இடங்களில் கேட்கப்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்கும் தகுதி ஆசிரியருக்கே உண்டு.

எனவே மாணவி அவரை எதிர்த்து வாதிடாமல் இவ்வாறு விடை எழுதுகிறார்: “ஐயா, என்னைப் பற்றி நானே எழுதினால் தாங்கள் கண்டது அதில் வராது. தங்களுக்கு நேரம் மிச்சமாகும்படி எல்லாக் குறிப்புகளையும் இரண்டு பக்கங்களில் தருகிறேன். அவற்றைப் பார்த்துத் தாங்கள் அரைப்பக்கம் எழுதினாலும் எனக்குப் போதும்.” பெரும்பாலான பேராசிரியர்கள் இதற்கு இசைவர். அவர்களுக்குக் கடினமாக இருப்பது எழுதுவதன்று. எதை எழுதுவது என்று நினைவுகூர்வதே. இதன் பிறகும் வரைவே வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், ஆய்வுக்கூடத்தில் உடனிருந்த உதவிப் பேராசிரியர் கடிதத்தை எழுதி, இருவரும் சேர்ந்து கையொப்பமிடலாமா என்று கேட்கலாம். கண்டவர் எழுத, மூத்தவர் அதைப் படித்து உடன்பட்டுக் கையொப்பமிடுவது நேர்மையான முறையே. அங்கும் அது வழக்கத்தில் இருக்கிறது.

இனி அந்த இரண்டு பக்கக் குறிப்பு. இங்குதான் கடிதத்தின் வலிமை முடிவாகிறது. ஆகவே இதை விரைந்து கடந்து செல்ல இயலாது.

முதல் பக்கத்தில் வெறும் விவரங்கள் இருக்கின்றன. பேராசிரியரிடம் பயின்ற பாடங்கள், பருவம், பெற்ற மதிப்பீடு. திட்டப்பணியின் தலைப்பு, தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும். வகுப்பின் மொத்த எண்ணிக்கை, அதில் தம் இடம். பேராசிரியரை எந்த ஆண்டிலிருந்து அறிவார் என்பது. படிவத்தில் முதலில் கேட்கப்படும் வினாக்கள் இவையாதலால், அவர் பழைய பதிவேடுகளைத் தேடாமல் இருப்பதற்கு இது உதவும். மூன்றாம் பருவத்தில் மஞ்சட்காமாலையால் கணிதத் தாள் ஒன்று நிலுவையில் நின்றதும், அடுத்த பருவத்தில் அதைத் தேறியதும் ஒரே வரியில் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன. அதைக் கடிதத்தில் சொல்வதா விடுவதா என்பது பேராசிரியரின் விருப்பம். மறைத்து வைத்து, மதிப்பெண் பட்டியலைக் கண்டு அவர் வியக்கும்படி விடுவதுதான் தகாது.

இரண்டாம் பக்கம் நிகழ்ச்சிகளுக்கு உரியது. பெரும்பாலான மாணவர் தடுமாறும் இடம் இது. “கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவள், புதியன கற்பதில் ஆர்வம் மிக்கவள்” என்று நம் மாணவியும் முதலில் எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிடுகிறார். இச்சொற்கள் பேராசிரியருக்கு எதையும் நினைவூட்டமாட்டா. அவர் தம் நாட்குறிப்பையும் ஆய்வுக்கூடப் பதிவேட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு, பேராசிரியர் உடனிருந்த நிகழ்ச்சிகளை மட்டும் தேடுகிறார். கிடைத்தவை மூன்று. அவற்றுள் ஒன்றை முழுமையாகவே பார்க்கலாம்.

திட்டப்பணிக்காக நால்வரும் 24 கிணறுகளிலிருந்து நீர் எடுத்துவந்து கடினத்தன்மையைச் சோதித்தனர். ஈ.டி.டி.ஏ. கரைசலைத் துளித்துளியாக விட்டுச் செய்யும் வழக்கமான சோதனை அது. நீரில் கலந்த நிறங்காட்டி திராட்சைச் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் கணத்தில் நிறுத்தி, எவ்வளவு கரைசல் செலவாயிற்று என்று பார்க்க வேண்டும். நிறம் தெளிவாக மாற வேண்டுமானால் நீரின் பி.எச். மதிப்பு 10 அளவில் நிற்க வேண்டும். அதற்காக அம்மோனியா கலந்த தாங்கல் கரைசல் சேர்க்கப்படுகிறது. இரண்டு நாளில் 11 மாதிரிகள் முடிந்தன. நிறம் சட்டென்று மாறாமல் ஊதாவிலேயே இழுபடுவதாக மாணவி ஐயுற்றார். மற்ற மூவரும் கண்ணுக்குப் பழகவில்லை என்று அதை விட்டுவிட்டனர். மாணவி பி.எச். மானியை வைத்துப் பார்த்தார். 10 இருக்க வேண்டிய இடத்தில் அது தெளிவாகக் குறைந்திருந்தது. தாங்கல் கரைசல் புட்டியின் மூடி தளர்ந்திருந்ததால் அம்மோனியா பறந்துபோயிருந்தது. புதிய கரைசல் செய்து 11 மாதிரிகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்று அவர் பேராசிரியரிடம் கேட்டார். இரண்டாம் மதிப்பாய்வுக்கு ஒரு வாரமே இருந்தது. பேராசிரியர் இசைந்தார். நான்கு மாதிரிகளில் நீர் போதாமையால் மாணவி பேருந்தில் சென்று மீண்டும் எடுத்துவந்தார்.

குறிப்பில் இது எட்டு வரிகளாகவே இடம்பெறுகிறது: தேதி, என்ன தவறாகத் தோன்றியது, எவ்வாறு சோதித்தது, என்ன காரணம், பேராசிரியரிடம் என்ன கேட்டது, என்ன செய்தது. “இதனால் நான் பொறுப்பு மிக்கவள்” என்ற முடிவுரை அதில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கடிதம் எழுதுபவர்.

இதே பக்கத்தில் இன்னொன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். திட்டப்பணி நால்வர் சேர்ந்து செய்தது. யார் எதைச் செய்தார் என்பது வழிகாட்டிக்கு எப்போதும் தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆகவே மாணவி நான்கு பங்கையும் எழுதுகிறார். கிணறுகளைத் தேர்ந்ததும் வரைபடம் ஆக்கியதும் இன்னொரு மாணவரின் பணி. அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியவர் மற்றொருவர். நான்காமவர் நீர் எடுத்துவருவதில் முதன்மையாக நின்றார். ஆய்வுக்கூடச் சோதனையும் பிழைக் கணக்கும் தம்முடையவை. மற்றவர் பங்கை ஒருவர் இவ்வளவு நேர்மையாக எழுதியிருப்பதைக் காணும் பேராசிரியர், அவர் தம் பங்காகச் சொல்வதையும் ஐயமின்றி எடுத்துக்கொள்வார். அதே குழுவில் இன்னொருவரும் நாளை அவரிடமே கடிதம் கேட்டு வரலாம் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இத்தகைய குறிப்பிலிருந்து எழும் கடிதம் எவ்வாறு இருக்கும்? “முதல் 11 மாதிரிகளின் முடிவுகளைக் குழுவினர் ஏற்றுக்கொண்ட நிலையில், நிறமாற்றம் தெளிவில்லை என்று ஐயுற்று, காரணத்தைத் தாமே கண்டறிந்து, அவற்றைத் தள்ளிவிட இசைவு கேட்டவர் இவர். மதிப்பாய்வுக்கு ஒரு வாரமே இருந்தது. தாங்கல் கரைசலின் பி.எச். அளவை ஒவ்வொரு வாரமும் பதியும் வழக்கம் அதன் பிறகே எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. என் அனுபவத்தில், தம் முடிவுகளைத் தாமே ஐயுற்ற இளங்கலை மாணவர் மிகச் சிலர்.” இவற்றுள் முதல் இரண்டு செய்திகள் மாணவியின் குறிப்பில் உள்ளவை. பிந்திய இரண்டும் பேராசிரியர் மட்டுமே அறிந்தவை. வாரந்தோறும் பதியும் வழக்கம் வந்ததை மாணவியே அறியார். குறிப்பு அவர் நினைவைத் தூண்டியதால் அவை வெளிவந்தன. முதலில் கண்ட வாழ்த்துக் கடிதத்தோடு இதை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

குறிப்போடு சேர்த்து அனுப்ப வேண்டியவை சிலவே: தன்விவரம் ஒரு பக்கம், மதிப்பெண் பட்டியலின் படி, நோக்க உரையின் வரைவு. நோக்க உரை முற்றுப்பெறவில்லை என்று அதை அனுப்பாமல் விடலாகாது. மாணவி நிலத்தடி நீரை ஆராய விரும்புகிறார் என்று அங்கே எழுதியிருக்க, பேராசிரியர் கட்டுமானத் துறையில் அவர் சிறப்பார் என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும். பல்கலைக்கழகங்களின் பெயர், படிப்பின் முழுப் பெயர், கெடு நாள் ஆகியவற்றைக் கெடு நாள் வரிசைப்படி ஒரு சிறு அட்டவணையாகத் தருவதும் வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே படிவம் நிரப்பியாக வேண்டியிருப்பதால், பட்டியல் பதினைந்தாக நீள்வது பேராசிரியரிடம் இரக்கமின்றி நடந்துகொள்வதாகும்.

பெயர் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளைகள் கல்லூரியில் தலைப்பெழுத்தோடு அறியப்படுகின்றனர். கடவுச்சீட்டிலோ அந்தத் தலைப்பெழுத்து தந்தையின் முழுப் பெயராக விரிந்து, சில வேளைகளில் குடும்பப் பெயரின் இடத்தில் போய் நிற்கிறது. விண்ணப்பம் கடவுச்சீட்டுப் பெயரில் இருக்கும். கடிதம் கல்லூரிப் பெயரில் வரும். இரண்டும் ஒருவரா என்ற ஐயம் எழுகிறது. கடிதத்தில் வர வேண்டிய பெயரை எழுத்துக்கு எழுத்துக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதிவிட்டால் இது தீர்ந்தது.

மின்னஞ்சல் முகவரியும் இத்தகையதே. பல பல்கலைக்கழகங்கள் கல்லூரி வழங்கிய முகவரியையே விரும்புகின்றன. நம் பேராசிரியர்கள் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை; தம் சொந்த முகவரியையே பயன்படுத்துகின்றனர். எந்த முகவரியைப் பதிவது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, பதிந்த நாளன்று, “இன்று மடல் ஒன்று வரும், காணாவிட்டால் ஸ்பேம் பகுதியிலும் பார்த்தருள்க” என்று தெரிவிப்பது நலம். கடிதங்கள் வாராமற்போவதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

பதிவு செய்யும் இடத்தில் ஒரு வினா குறுக்கிடும்: இக்கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீரா என்பது அது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு கல்விநிலையத்தில் சேர்ந்த மாணவர் அங்குள்ள தம் பதிவுகளைப் பார்க்க உரிமை அளிக்கிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மட்டும் அவர் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பதே நன்று. மாணவர் பார்க்கமாட்டார் என்று அறிந்து எழுதப்பட்ட கடிதத்தையே குழுவினர் நம்புகின்றனர். பெற்றோர் சிலர், “என்ன எழுதினார் என்று ஒருமுறை காட்டச் சொல்” என்று பிள்ளையைத் தூண்டுகின்றனர். உரிமையை விட்டுவிட்டதாகக் கையொப்பமிட்ட பிறகு அவ்வாறு கேட்பது சொன்ன சொல்லை மீறுவதாகும். கடிதம் கேட்கப் போகும்போது இனிப்புப் பெட்டியோ பட்டுச் சால்வையோ கொண்டுபோவதும் வேண்டா. நன்றிக்கு உரிய காலம் பின்னால் வருகிறது. முன்னால் கொடுத்தால் அது வேறு பொருள் தரும்.

குறிப்புகளை அனுப்பியபின் நினைவூட்டல் மூன்று முறை போதும். கெடுவுக்கு மூன்று வாரம் முன் ஒன்று, பத்து நாள் முன் ஒன்று, மூன்று நாள் முன் ஒன்று. ஒவ்வொன்றிலும் மீதமுள்ள பல்கலைக்கழகங்களின் பெயரும் நாளும் மட்டும் இருந்தால் போதும். பேராசிரியர் பழைய மடலைத் தேட வேண்டியதில்லை. கடிதம் வந்ததா என்பதை விண்ணப்பத் தளத்திலேயே மாணவர் பார்த்துக்கொள்ளலாம். வந்துவிட்ட பிறகு நினைவூட்டல் எழுதி அவரைச் சலிப்படையச் செய்யலாகாது. கிழக்கு அமெரிக்க நேரப்படி டிசம்பர் 1 இரவு 11.59 வரை என்றிருந்தால், நமக்கு அது மறுநாள் காலை 10.29 ஆகும். இந்தச் சில மணி நேரத்தை நம்பி இருக்கலாகாது. எனினும் இரவில் பதறிப்போய்ப் பேராசிரியரின் வீட்டுத் தொலைபேசியை ஒலிக்கச் செய்யாமல் இருக்க இக்கணக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பத்து நாள் முன்னரும் கடிதம் வரவில்லையெனில் நான்காமவர் ஒருவரை அணுக வேண்டும். நம் மாணவி இதை அக்டோபரிலேயே எண்ணிப் பார்த்து, முதலாண்டில் வேதியியல் நடத்திய ஆசிரியையிடம், “தேவை ஏற்பட்டால் கேட்கலாமா” என்று இசைவு பெற்றுவைத்திருக்கிறார். விண்ணப்பத்தை அனுப்பும் முன் பரிந்துரைப்பவரின் பெயரை மாற்றப் பல தளங்கள் இடமளிக்கின்றன. அனுப்பிய பின் மாற்ற வேண்டுமானால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.

கடிதம் சென்ற அன்றே சுருக்கமாக ஒரு நன்றி மடல். பிப்ரவரியிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கும். முனைவர் பட்டப் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்களுக்கு, விடையளிக்கப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை காலம் தருகின்றன. எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை, எதை ஏற்றுக்கொண்டார் என்பதைப் பேராசிரியருக்கு அப்போது தவறாமல் தெரிவிக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. தாம் எழுதிய கடிதம் என்னவாயிற்று என்று தெரியாமலே அடுத்த ஆண்டு அடுத்த மாணவருக்கு எழுத அமர்பவர்கள் நம் பேராசிரியர்கள். நம் மாணவி ஏப்ரல் மாதம் கல்லூரிக்கு நேரில் செல்கிறார். இனிப்புப் பெட்டியும் அன்றைக்குத்தான் உடன் போகிறது.